ஒரு கப் சுண்டலில் எவ்வளவு புரதம்?

மாலைப் பசிக்குச் சுண்டல் சாப்பிடுகிற பலர் அதை முழுக்க முழுக்கப் புரத உணவு என்றே நினைக்கிறார்கள். வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையை 240 மில்லி கப்பில் தலைதட்டி எடுத்தால் சுமார் 165 கிராம் இருக்கும். அதில் புரதம் 14 முதல் 15 கிராம். கார்போஹைட்ரேட் 45 கிராம். ஒரு கப் வெள்ளைச் சோற்றிலும் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய இதே 45 கிராம்தான்.

அப்படியானால் சோறும் சுண்டலும் ஒன்றா? இல்லை. சோற்றில் புரதம் 4 கிராம் அளவுக்குத்தான் தேறும்; நார்ச்சத்து பெயருக்குத்தான். கொண்டைக்கடலையின் 45 கிராமில் 12 கிராம் நார்ச்சத்து, அது சர்க்கரையாக மாறாது. மீதியுள்ள மாவுச்சத்தும் பருப்பின் கெட்டியான செல் சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால் மெதுவாகவே செரிக்கிறது. ஒரே அளவு கார்போஹைட்ரேட் என்றாலும், சோறு ஏற்றும் வேகத்தில் சுண்டல் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனாலும் அது கணக்கில் வராத தீனி அல்ல. மாலையில் ஒரு கப் முழுதாகச் சாப்பிட்ட சர்க்கரை நோயாளி இரவுச் சோற்றையோ இட்லியையோ குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பச்சைப்பயறுக்கு வந்தால் கப் கணக்கே நம்மை ஏமாற்றும். குழைய வெந்த பயறு ஒரு கப் 200 கிராம் நிற்கும். புரதம் 14 கிராம், கார்போஹைட்ரேட் 39 கிராம். ஆனால் சுண்டலுக்கு யாரும் பயறைக் குழைய விடுவதில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்து, முழிமுழியாக நிற்கும் பயறில் அதே எடைக்குச் சத்து கூடுதலாகவே இருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. பயறுப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள். அது காய்ந்த பயறுக்கான அளவு. வெந்த பயறில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அந்த எண்ணை அப்படியே சுண்டலுக்குப் போட்டால் கணக்கு மும்மடங்குகூடத் தப்பும்.

ஆகவே ஊறப்போடும்போதே எடைபோட்டுவிடுவதுதான் நம்பகமான வழி. நால்வர் உள்ள வீட்டில் 200 கிராம் கொண்டைக்கடலை ஊறப்போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மொத்தப் புரதம் சுமார் 40 கிராம், கார்போஹைட்ரேட் 125 கிராம். வெந்ததும் அது 450 கிராம் அளவுக்குப் பெருகும். நான்காகப் பிரித்தால் ஒருவருக்கு முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு. புரதம் 10 கிராம், கார்போஹைட்ரேட் 31 கிராம். அதே 200 கிராம் பச்சைப்பயறு என்றால் ஒருவருக்குப் புரதம் 12 கிராம். கார்போஹைட்ரேட்டில் பெரிய வித்தியாசமில்லை. கப்பில் சமமாகத் தெரிந்த இரண்டில், எடைக்கு எடை பயறுதான் முந்துகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு கிண்ணத்திலேயே வந்துவிடுகிறது.

இந்த நன்மை நிலைக்க, வேகும் பதம் முக்கியம். கொண்டைக்கடலை 8 மணி நேரமாவது ஊற வேண்டும். பயறுக்கு 4, 5 மணி நேரம் போதும். வாயுத் தொல்லை தருகிற சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரில் இறங்கிவிடும், அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது நல்லது. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாக அமுங்க வேண்டும், தோல் பிரியாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். ஊறிய பயறைக் குக்கரில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு அடிக்கடி பார்ப்பதே பாதுகாப்பு. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கடலை கல்லாகவே இருந்தால், அது நாள்பட்ட சரக்கு அல்லது தண்ணீர் உப்புத் தண்ணீர். அப்போது சமையல் சோடா போடத் தோன்றும். சோடா கடலையை மெத்தென்று ஆக்கும், ஆனால் தயமின் என்கிற பி1 வைட்டமினைப் பெரிதும் அழித்துவிடும். மாங்காய்த் துண்டும் எலுமிச்சைச் சாறும் கடைசியில்தான் சேர வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் கடலை வேகாது.

தாளிக்கும் எண்ணெய் ஒரு டீஸ்பூன் 45 கலோரி, துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி 35 கலோரி சேர்க்கும். ருசிக்கு அது தேவைதான், குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புரதத்தோடு பொட்டாசியமும் இதில் கணிசமாக இருக்கிறது.