விடக்கூடியது பதினொன்றுதான்

செமஸ்டரின் முதல் வகுப்பில் முதல் பத்து நிமிடம் எதுவும் யார் காதிலும் ஏறாது. பெஞ்ச் இழுபடும், “மெக்கானிக்கல் கிளாஸ் இதுவா சார்?” என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும். விவரமான விரிவுரையாளர் அப்போது விதிகளை எடுக்கமாட்டார். கால அட்டவணையைப் பலகையில் எழுதிக்கொண்டிருப்பார்.

அறை அடங்கியதும் வருகைப்பதிவு. வெறுமனே 75 சதவீதம் என்றால் யாருக்கும் உறைக்காது. கணக்காகச் சொல்ல வேண்டும்: 45 மணி நேரப் பாடத்தில் 34 மணி நேரம் இருந்தாக வேண்டும், விடக்கூடியது 11தான். வாரம் மூன்று வகுப்பு என்றால், கவுன்சலிங் முடிந்து மூன்று வாரம் தாமதமாகச் சேர்பவருக்கு 9 போயிற்று. மிச்சம் இரண்டு, ஒரு காய்ச்சலுக்கே போதாது. சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடுவார்களா என்பதை அன்றே கேட்டுவிடுங்கள்.