பொங்கல் விடுமுறையில் தவறிய தவணை: தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பது எப்படி?

கேள்வி: ‘டிராக்டர் கடனுக்கு ஜனவரி 16, ஜூலை 16 என வருடத்துக்கு இரண்டு தவணை. இதுவரை ஐந்து தவணைகளைத் தேதி தவறாமல் கவுண்டரில் கட்டியிருக்கிறேன். இந்த முறை மரவள்ளிக்கிழங்கு விற்ற பணத்துக்கு ஜவ்வரிசி ஆலையில் 14-ம் தேதி மாலைதான் செக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து பொங்கல் விடுமுறை. 20-ம் தேதிதான் தவணை கட்ட முடிந்தது. இப்போது கணக்கில் 590 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறியிருக்கிறது. வங்கி மூடியிருந்தது என் தவறா? எழுதிக் கேட்டால் தள்ளுபடி செய்வார்களா?’

- சங்ககிரி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: கேட்கலாம். முதல் முறை தவறியவர், தவணையையும் கட்டி முடித்தவர் என்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால், ‘வங்கி மூடியிருந்தது’ என்பதை மட்டும் காரணமாக எழுதினால் கடிதம் நிற்காது.

2026 ஜனவரி 15 வியாழன் முதல் 18 ஞாயிறு வரை தொடர்ந்து நான்கு நாள் வங்கிக் கிளைகள் இயங்கவில்லை. கெடு தேதி விடுமுறையில் விழுந்தால் அது தானாகவே அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. உங்கள் கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் கணக்கு. மேலும், நெஃப்ட் முறையில் பணம் அனுப்பும் வசதி 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் உண்டு. மற்ற வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ‘நாச்’ முறையும் 2021 ஆகஸ்ட் முதல் விடுமுறை நாட்களிலும் வேலை செய்கிறது. ஆகவே, ‘செல்போனில் கட்டியிருக்கலாமே’ என்று மேலாளர் கேட்பார்.

உங்கள் உண்மையான காரணம் வேறு. பணமே செக்கில் நின்றிருந்தது. 19-ம் தேதி திங்கட்கிழமை செக்கைப் போட்டு, மறுநாள் பணம் வரவானதும் அன்றே கட்டிவிட்டீர்கள். இதற்கு ஆலையின் எடைச் சீட்டும், செக் போட்ட ரசீதும், பாஸ்புக் வரவும் சாட்சி. கடிதம் இதன்மீது நிற்க வேண்டும்.

முதலில் இரண்டு தாள்களைப் பாருங்கள்

முதல் தாள், கடன் ஒப்பந்தம். ‘கெடு தேதி விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் கட்டலாம்’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுக்குக் கெடு 19-ம் தேதி. தாமதம் நான்கு நாள் அல்ல, ஒரே நாள்தான். அதைக் கடிதத்தில் முதல் வரியாக எழுதுங்கள். தாமதத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதும் ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தாள், கடன் கணக்கு ஸ்டேட்மென்ட். நீங்கள் அனுப்பியிருக்கும் நகலில் 590 ரூபாய் இரண்டு வரிகளாக இருக்கிறது: அபராதக் கட்டணம் 500, அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 90. கடன் தவணை தவறியதற்காக வங்கி வசூலிக்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஜனவரியில் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்திவிட்டது. ஆக, 500 ரூபாய் நீங்கள் சலுகையாகக் கேட்பது. 90 ரூபாய் உரிமையாகக் கேட்பது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். கலந்தால், சலுகை இல்லை என்று சொல்லும்போது உரிமையும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாகத்தான் போட வேண்டும். அந்தக் கட்டணத்தின் மீது மேற்கொண்டு வட்டி கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் வெளியிட்ட அறிவுறுத்தல். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் 500 ரூபாய் அசலோடு சேர்ந்து வட்டி ஏறியிருந்தால், அதையும் உரிமையாகவே கேட்கலாம்.

கடிதம் இப்படி இருக்கட்டும்

> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)
>
> பொருள்: டிராக்டர் கடன் கணக்கு எண் ……… – தாமதக் கட்டணத்தை முதல் முறையாகத் தள்ளுபடி செய்யக் கோருதல்.
>
> ஐயா,
>
> மேற்கண்ட கடனில் 16-01-2026 அன்று கட்ட வேண்டிய தவணையை 20-01-2026 அன்று முழுமையாகக் கட்டிவிட்டேன். இதற்கு முந்தைய ஐந்து தவணைகளும் உரிய தேதியில் கட்டப்பட்டுள்ளன.
>
> மரவள்ளிக்கிழங்கு விற்ற பணத்துக்கான செக் 14-01-2026 மாலை கிடைத்தது. 15 முதல் 18 வரை வங்கி விடுமுறை. 19-ம் தேதி செக்கைச் செலுத்தினேன். 20-ம் தேதி பணம் வரவானதும் அன்றே தவணையைக் கட்டினேன்.
>
> 1. இது முதல் தாமதம் என்பதால், அபராதக் கட்டணம் 500 ரூபாயைத் தள்ளுபடி செய்து கடன் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> 2. அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. பொருந்தாது என்பதால், பிடிக்கப்பட்ட 90 ரூபாயைத் திருப்பி வரவு வைக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: எடைச் சீட்டு, செக் செலுத்திய ரசீது, பாஸ்புக் பக்கம், தவணை ரசீது ஆகியவற்றின் நகல்கள்.
>
> இப்படிக்கு, (கையொப்பம், பெயர், செல்போன் எண், தேதி)

இதற்கு மேல் எழுத வேண்டாம். மழை, விலை, குடும்பச் செலவு எல்லாம் சேர்ந்தால் மேலாளர் தேடும் நான்கு தேதிகள் மறைந்துபோகும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கிளையில் இல்லையென்றால் மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல், கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். அதுவரை அடுத்த தவணையோடு 590 ரூபாயைக் கூடுதலாக வைத்திருங்கள். கட்டும் பணத்தில் வங்கி முதலில் கட்டணத்தை எடுத்துக்கொண்டால் தவணையில் அந்த அளவு குறையும். அது இரண்டாவது தாமதமாகிவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. ஆனால், அங்கே 90 ரூபாய்க்குத்தான் வலு. சலுகை தர மறுத்தது வங்கியின் சொந்த முடிவு. அதைச் சேவைக் குறைபாடு என்று காட்டுவது கடினம்.

பயிர்க்கடனுக்கு இந்தக் கடிதம் உதவாது

கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவிகித வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதத்தை மத்திய அரசு ஊக்கமாகத் தருவதால் நமக்கு 4 சதவிகிதம்தான். கெடு தவறினால் அந்த 3 சதவிகிதம் போய்விடும். ஒரு லட்சம் ரூபாயை ஒரு வருடம் வைத்திருந்தால் 3,000 ரூபாய் இழப்பு. இது வங்கி போட்ட கட்டணம் அல்ல, அரசுத் திட்டத்தின் விதி. மேலாளர் மனது வைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய வட்டியில்லாப் பயிர்க்கடனும் இப்படித்தான்; கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. இந்த இரண்டுக்கும் விடுமுறைக்கு முந்தைய வேலை நாளையே கெடுவாக எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் டிராக்டர் கடனுக்குக் கடைசியாக ஒன்று. ஜனவரி 16 எல்லா வருடமும் பொங்கல் விடுமுறையில்தான் விழும். எனவே தவணைத் தேதியை ஜனவரி 25, ஜூலை 25 என்று மாற்றித் தரும்படி தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். இடைப்பட்ட நாட்களுக்குச் சிறிது வட்டி கூடும். எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.