சரத் கமல் விடைபெறுகிறார்: ஓர் ஆட்டக்காரரை அளந்து பார்த்தல்



2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில், சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில், அச்சந்த சரத் கமல் தம் மட்டையைக் கீழே வைத்தார். தம்மைவிட மிக இளையவரான ஸ்நேஹித் சுரவஜ்ஜுலாவிடம் நேர் செட்டுகளில் தோற்றதே அவருடைய கடைசி ஒற்றையர் ஆட்டமாக அமைந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. 2003இல் முதன்முறை தேசியப் பட்டம் வென்றவர் அவர். ஆக, இருபதாண்டுக்கும் மேலாக மேசைப் பந்தாட்டத்தில் இந்தியாவின் முன்னணியில் நின்றிருக்கிறார்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பகுதிப் பள்ளிகளில் நான் பணியாற்றிய காலத்தில், கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றால் மாணவர்கள் ஒரு வாரம் அதையே பேசுவார்கள். சரத் கமல் ஓய்வு பெற்ற செய்தியை எடுத்துப் பேசினால், "யார் ஐயா அவர்?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் மின்தொடர் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் நடந்து போய்விடும் தொலைவில்தான் அந்த அரங்கம் இருக்கிறது. ஆகையால் அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். வெறும் புகழ்மாலை சூட்டுவது என் நோக்கமன்று. இருபதாண்டு ஆடியவருக்கு நாம் செலுத்தும் நன்றி, அவர் எவ்வளவு உயர்ந்தார், எங்கே நின்றுவிட்டார் என்பதை அறிந்து செலுத்தும் நன்றியாக இருக்க வேண்டும்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைக் காண்போம். ஆட்ட மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். பலமாக அடிக்கப்பட்ட பந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அந்த வேகம் குறையாதிருந்தால் மேசையின் நீளத்தைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கே பிடிக்கும். காற்றின் தடையால் வேகம் விரைவில் குறைகிறது. ஆட்டக்காரரும் மேசைக்குப் பின்னால் தள்ளி நிற்கிறார். எனவே அவருக்குக் கிடைக்கும் நேரம் சற்றுக் கூடுகிறது. எனினும் கண்ணால் கண்டு, மனத்தால் முடிவு செய்து, கையை நீட்டும் அளவுக்கு அது தாராளமான நேரமன்று. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் பந்து புறப்படுமுன்பே எதிராளியின் தோள், இடுப்பு, மட்டை சாயும் கோணம் ஆகியவற்றைப் பார்த்து, அது வரும் திசையை ஊகித்து விடுகிறார். வயது ஏறும்போது கால்களின் விரைவு குறைகிறது. ஊகிக்கும் திறனோ வளர்கிறது. நாற்பது வயதிலும் ஒருவர் இந்த ஆட்டத்தில் வெல்ல முடிகிறதென்றால், இழந்த கால்வேகத்தைப் பட்டறிவு ஓரளவு ஈடு செய்கிறது என்பதே அதன் காரணம்.

சரத்தின் படைக்கலம் வலக்கை முன்வீச்சு. ஆடுவோர் இதை ஃபோர்ஹேண்ட் என்பர். நல்ல உயரமும் நீண்ட கையும் உடையவராதலால் அந்த வீச்சில் பந்து முன்புறமாகச் சுழன்று, மேசையில் பட்டதும் எகிறிப் பாயும். இடப்பக்கம் வரும் பந்தையும் அவர் இரண்டடி நகர்ந்து முன்வீச்சாலேயே அடிக்க விரும்பினார். இதில் ஆதாயமும் உண்டு, நட்டமும் உண்டு. வலக்கை ஆட்டக்காரர் இடப்பக்க மூலைக்கு நகர்ந்துவிட்டால், வலப்பக்கம் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். முதல் அடியிலேயே புள்ளி கிடைத்துவிட்டால் தொல்லையில்லை. எதிராளி அதைத் தடுத்து அந்த வெற்றிடத்தில் பந்தைத் திருப்பிவிட்டால், நெடிய உடலைச் சுமந்துகொண்டு மீண்டும் ஓட வேண்டும். அவருடைய புறங்கை வீச்சு நெடுங்காலம் முன்வீச்சுக்கு நிகராக வளரவில்லை. அவர் ஆட்டத்தின் முதற்குறை என்று நான் கருதுவது இதுவே.

இந்தக் குறை ஏன் நாளாக ஆகப் பெரிதாயிற்று என்பதுதான் கவனிக்கத் தக்கது. அவர் ஆடிய காலத்தில் ஆட்டமே மாறிக்கொண்டு வந்தது. பந்தின் விட்டம் 2000ஆம் ஆண்டில் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கப்பட்டது. மறு ஆண்டில் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகச் சுருங்கிற்று. அந்நாளில், ஆட்டத்துக்குச் சற்று முன்பு மட்டையின் ரப்பரைப் பிரித்து, விரைவில் ஆவியாகும் திரவம் கலந்த பசையைத் தடவி மீண்டும் ஒட்டுவார்கள். ரப்பருக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சு அந்த ஆவியால் உப்பி, இழுத்துக் கட்டிய மத்தளத்தோல் போல் விறைக்கும். பந்து பட்டவுடன் தெறித்துப் பாயும். பசையின் நச்சாவி உடல்நலத்திற்குக் கேடு என்பதால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பின் அது தடுக்கப்பட்டது. பிறகு 2014இல் செல்லுலாய்டுப் பந்து போய், பிளாஸ்டிக்குப் பந்து வந்தது. பந்தின் சுழற்சி மேலும் தணிந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஒரே அடியில் புள்ளியை முடிக்கும் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. மேசைக்கு அருகில் நின்று, இருபுற வீச்சாலும் இடைவிடாமல் அடிப்பவர்களின் கை ஓங்கிற்று. வலிமையை நம்பி வளர்ந்த ஓர் ஆட்டக்காரர் முப்பது வயதுக்குமேல் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2015இல் தொடைத்தசைக் காயம் வேறு. அத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது என்று பலர் எண்ணினர்.

முடியவில்லை. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் அணிக்கு வெண்கலம். மனிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையரில் மற்றொரு வெண்கலம். ஆசியப் போட்டியில் மேசைப் பந்தாட்டத்திற்காக இந்தியா பெற்ற முதற்பதக்கங்கள் இவை. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகள் ஆடும் களம் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அவர் கழுத்தில் ஏறிய தங்கங்களைவிட இந்த வெண்கலங்கள் எடை மிக்கவை என்பேன்.

அந்தத் தங்கங்களையும் பார்ப்போம். காமன்வெல்த் விளையாட்டுகளில் அவர் பெற்றவை மொத்தம் 13 பதக்கங்கள். அவற்றுள் ஏழு தங்கம். 2006இல் மெல்போர்னில் ஒற்றையர் தங்கம். பதினாறு ஆண்டு கழித்து, 2022இல் பர்மிங்காமில், நாற்பது வயதில் மீண்டும் ஒற்றையர் தங்கம். பர்மிங்காம் இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டு. உலகத் தரவரிசையில் அவர் சரத்தைவிட மேலே இருந்தவர். ஆட்டம் நடந்ததும் அவர் சொந்த நாட்டில். முதல் செட்டைச் சரத் 11-13 என இழந்தார். ஆனால் அடுத்த நான்கையும் 11-7, 11-2, 11-6, 11-8 என வென்றார். இது பெருமைக்குரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் சீனரும் ஜப்பானியரும் கொரியரும் காமன்வெல்த்தில் ஆடுவதில்லை. எனவே அந்தப் பதக்கங்களைக் கொண்டு உலகில் அவர் நின்ற படியை அளக்க இயலாது. உலகத் தரவரிசையில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் முப்பது. ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடியும் ஒற்றையரில் மூன்றாம் சுற்றைத் தாண்டியதில்லை.

அந்த மூன்றாம் சுற்று ஆட்டம் ஒன்றே அவருடைய உயரத்தையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. கோவிட் தொற்றினால் ஓராண்டு தள்ளி, 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் சீனாவின் மா லோங்கை எதிர்த்தார். மா லோங் அப்போதைய ஒலிம்பிக் வாகையர்; அந்த ஆண்டும் தங்கத்தை அவரே வென்றார். முதல் செட் மா லோங்குக்கு, 11-7. இரண்டாவதைச் சரத் 11-8 என வென்றார். மூன்றாவது செட் பத்துக்குப் பத்து என்பதையும் கடந்து இழுபட்டு, 13-11 என மா லோங்கிடம் போயிற்று. இரண்டே புள்ளி! இதுவரை எழுதிய கணக்கை மட்டும் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய சமம் என்று தோன்றும். ஆனால் அடுத்த இரண்டு செட்டுகளின் கணக்கு 11-4, 11-4. இந்தச் சரிவுக்கு மனத்தளர்ச்சி மட்டும் காரணமன்று என்பது என் கருத்து. மூன்று செட்டுகளில் ஒருவருடைய சர்வீசையும் பழக்கமான அடிகளையும் படித்துவிடும் ஆட்டக்காரர், நான்காவதில் அவருக்குப் பிடிக்காத இடத்திலேயே பந்தை விடாமல் போட்டுக்கொண்டிருப்பார். அதற்கு மறுமொழியாக வேறொரு ஆட்டமுறை கைவசம் இருக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதுக் கால்களுக்கு அது எளிதன்று. பிட்ச்ஃபோர்டிடம் முதல் செட்டை 11-13 என இழந்தபின் ஆட்டத்தை மாற்றி மீண்டவர், மா லோங்கிடம் அதே கணக்கில் ஒரு செட்டை இழந்தபின் மீளவில்லை. உலகின் முதல் பத்துப் பேருக்கும் அவருக்கும் இருந்த தொலைவு அதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிந்துவுடன் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவர், ஒற்றையர் முதற்சுற்றிலேயே, தரவரிசையில் தமக்கு வெகு கீழே இருந்த ஸ்லோவேனிய ஆட்டக்காரரிடம் தோற்றார். ஓராண்டு இரண்டாண்டு முன்பே விலகியிருக்கலாமே என்று கேட்போர் உண்டு. அதை நான் முற்றும் ஒப்பவில்லை. அவர் பத்தாவது தேசியப் பட்டத்தை வென்றது 2022இல். இறுதியாட்டத்தில் வீழ்ந்தவர் சத்தியன். இளைஞர் ஒருவருக்கு இடம் விட வேண்டும் என்று சொல்லுமுன், அந்த இளைஞர் மேசையில் அவரை வென்று காட்ட வேண்டாமா? நெடுங்காலம் அப்படி வென்று காட்டுவோர் இங்கே போதிய எண்ணிக்கையில் இல்லை. அது சரத்தின் குற்றமன்று. பள்ளிக்கு ஒரு மேசைகூட வாங்கி வைக்காத நம்முடைய குற்றம். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் வலை கிழிந்த பழைய மேசையொன்று, தேர்வு நாட்களில் விடைத்தாள் அடுக்கும் பலகையாகவே பயன்பட்டு வந்திருக்கிறது.

சென்னையின் அந்தக் கடைசி ஆட்டத்தில் அவரை வென்ற ஸ்நேஹித்தும் இந்தியரே. சரத் தேசியப் பட்டம் வெல்லத் தொடங்கிய காலத்தில் அவர் சிறு குழந்தை.