இருக்கை நிரம்பினால் போதுமா?

புனே நகரின் பெர்குசன் கல்லூரிச் சாலையில் 20 இருக்கைகளுடன் மலிவு விலைக் கஃபே தொடங்க ஒருவர் கடன் கோருகிறார் எனக் கொள்வோம். 'மாணவர் அனைவரும் என் வாடிக்கையாளரே' என்று அவர் கூறினால், அவர்கள் எதற்காக வருவார்கள் என்றே நாம் முதலில் வினவுவோம். வகுப்புகளுக்கிடையே பசியாற விரைந்து வருவோர் ஒரு பிரிவினர். நண்பர்களுடன் உரையாடவோ படிக்கவோ நெடுநேரம் அமர்வோர் மற்றொரு பிரிவினர்.

இரு பிரிவினரும் தலைக்கு 40 ரூபாய் செலவிடட்டும். அரைமணி நேரத்தில் எழுபவரால் ஓர் இருக்கை மணிக்கு 80 ரூபாய் ஈட்டும். இரண்டு மணி நேரம் அமர்பவரால் 20 ரூபாய் மட்டுமே. வாடகை மிகுந்த இடத்தில் மலிவு விலைக்கு முதற்பிரிவினரே பொருந்துவர்.

ஆகவே, 'பத்து நிமிடத்தில் சூடான வடாபாவும் தேநீரும்' என்பதே கடையின் அடையாளமாக அமைதல் வேண்டும். இலவச வைஃபையும் மெத்தை இருக்கையும் இதற்கு முரணானவை. சிறிய உணவுப் பட்டியலும் முதலில் பணம் செலுத்தும் முறையும் துணைபுரிபவை.

நண்பகலில் இருக்கைகள் நிரம்பியிருந்தும் ரசீதுகள் குறைந்தால், இரண்டாம் பிரிவினர் இடம்பிடித்துவிட்டனர் என்று அறியலாம். கல்லூரி விடுமுறையில் முதற்பிரிவினர் வாரார். அம்மாதங்களின் வருவாயைக் குறைத்தே கடன் தவணையைத் திட்டமிடுதல் நன்று.