அசையாத் தட்டும் விரையும் கோளும்

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீடுகளில் பொருத்தப்பட்டிருக்கும் அஸ்ட்ரோ தட்டுகள் யாவும் ஏறக்குறைய உச்சிவானத்தையே நோக்குகின்றன. சற்றே மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஒருமுறை பொருத்திய பின்னர் அவற்றை யாரும் திருப்புவதில்லை. அவை நோக்கும் இடத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகைக்கு நேர் மேலே, 2014-ஆம் ஆண்டு ஏவப்பட்ட மியாசாட்-3பி போன்ற செயற்கைக்கோள்கள் நிலைகொண்டுள்ளன.

மலேசியாவின் மற்றொரு செயற்கைக்கோளான ராசாக்சாட், 14 ஜூலை 2009 அன்று பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் பவளத்தீவிலிருந்து ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சென்று பூமியைப் படம் எடுப்பது அதன் பணி. அதுவோ ஓரிடத்தில் நிற்காமல், ஏறத்தாழ 98.5 நிமிடத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. ஒன்று நிற்பதுபோல் தோன்றவும் மற்றொன்று விரையவும் காரணம் என்ன?

விடை சுற்றுப்பாதையின் ஆரத்தில் உள்ளது. வட்டப்பாதையில் செல்லும் செயற்கைக்கோளுக்குத் தேவையான மையநோக்கு விசையைப் பூமியின் ஈர்ப்பு விசையே தருகிறது. இவ்விரண்டையும் சமப்படுத்தினால் பின்வரும் சமன்பாடு கிடைக்கும்:

GMm/r² = mv²/r

இருபுறமும் உள்ள m நீங்கிவிடுகிறது. எஞ்சுவது v = √(GM/r). இங்கு M என்பது பூமியின் பொருண்மை. செயற்கைக்கோளின் பொருண்மைக்கு இதில் இடமில்லை. ராசாக்சாட் 180 கிலோகிராம். மியாசாட்-3பி அதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு. எனினும், ஒரே ஆரத்தில் விட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் செல்லும்.

இனி எண்களைப் பார்ப்போம். ராசாக்சாட்டின் உயரம் 685 கிலோமீட்டர். மியாசாட்டின் உயரம் 35,786 கிலோமீட்டர். மாணவர் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். r என்பது தரையிலிருந்து அளந்த உயரமன்று. பூமியின் மையத்திலிருந்து அளந்த தொலைவு. ஆகவே, பூமியின் ஆரமான 6,378 கிலோமீட்டரை இரண்டு உயரங்களுடனும் கூட்ட வேண்டும். அப்போது ஆரங்கள் முறையே 7,063, 42,164 கிலோமீட்டர் ஆகின்றன. இரண்டாவது, முதலாவதைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு.

ஆரம் 6 மடங்கானால் வேகம் √6, அதாவது 2.45 பங்கு குறைகிறது. ராசாக்சாட்டின் வேகம் வினாடிக்கு 7.5 கிலோமீட்டர், மியாசாட்டின் வேகம் 3.1 கிலோமீட்டர் மட்டுமே. மேலே உள்ளது கடக்க வேண்டிய பாதையும் 6 மடங்கு நீளம். நீண்ட பாதை, குறைந்த வேகம் ஆகிய இரண்டும் சேர்வதால் சுற்றுக்காலம் 6 × 2.45, அதாவது ஏறக்குறைய 14.7 மடங்கு ஆகிறது. 98.5 நிமிடத்தை 14.7-ஆல் பெருக்கினால் 24 மணி நேரத்தை ஒட்டிய விடை வரும். துல்லியமான மதிப்பு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் காலமும் அதுவே. இரண்டும் ஒரே திசையில், ஒரே காலத்தில் சுற்றுவதால், விரையும் கோள் தட்டுக்கு அசையாததுபோல் தோன்றுகிறது. சுற்றுக்காலத்தின் வர்க்கம் ஆரத்தின் கனத்திற்கு நேர்விகிதம் என்னும் கெப்ளரின் மூன்றாம் விதியும் இதையே கூறுகிறது.

ஆரத்திற்குப் பதிலாக உயரத்தையே விகிதத்தில் இட்டால் என்ன ஆகும்? 35,786-ஐ 685-ஆல் வகுத்தால் 52 மடங்கு வரும். அதைக்கொண்டு கணக்கிட்டால் மியாசாட்டின் சுற்றுக்காலம் ஏறக்குறைய 26 நாள் என்றாகும். அது உண்மையானால் அக்கோள் வானில் நகர்ந்துகொண்டே இருக்கும். அசையாத் தட்டால் பயனிராது. கூரையில் உள்ள தட்டே இவ்விடை தவறென்று காட்டிவிடுகிறது.

ஆரத்தில் நேரும் சிறு மாற்றமும் பொருட்படுத்தத்தக்கதே. மியாசாட்டின் பாதை 10 கிலோமீட்டர் மட்டும் உயர்ந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 31 வினாடி கூடுதலாகும். அதற்குள் பூமி சற்று முந்திவிடுவதால், கோள் நாள்தோறும் 0.13 பாகை மேற்கே பின்தங்கும். எட்டு நாளில் விலகல் ஒரு பாகையாகிவிடும். எனவேதான் இத்தகைய கோள்களைத் தரையிலிருந்து கண்காணித்து, சிறு உந்துபொறிகளை இயக்கி அவற்றின் பாதையைத் திருத்துகின்றனர். அந்த உந்துபொறிகளுக்கான எரிபொருள் தீர்ந்தால் கோள் தன் இடத்தைத் தக்கவைக்க இயலாது. ஆதலால், சிறிது எரிபொருள் எஞ்சியிருக்கும்போதே அதைச் சில நூறு கிலோமீட்டர் உயர்த்தி, பயன்பாட்டிலுள்ள பாதையிலிருந்து விலக்கிவிடுகின்றனர்.