ஒப்பரேசன் திகதி பின்போய்விட்டதா? அந்தக் கடிதம் ஒரு கேள்வியும் கேட்கிறது

ஜூன் 3ஆம் திகதி காலை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அன்ரி கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். "தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். திகதியைத் தூக்கிப் போட்டாங்கள் போலக் கிடக்கு."

தூக்கித்தான் போட்டிருந்தார்கள். பித்தப்பைக் கல்லுக்காக ஜூன் 12ஆம் திகதி நடக்கவிருந்த சத்திரசிகிச்சை ஆகஸ்ட் 27க்குப் போயிருந்தது. காரணமாக எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "செயற்பாட்டுக் காரணங்களால்." அதன் கீழே வருத்தம் தெரிவித்திருந்தார்கள். கடைசிப் பத்தியில், உங்கள் நிலையில் மாற்றம் இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு ரெலிபோன் இலக்கம். லண்டனில் வாழும் நம்மவர்களின் வீடுகளுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் சாதாரணமாக வருகின்றன. திகதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுகிறோம். அந்தக் கடைசிப் பத்தியை வாசிப்பவர் குறைவு.

முதலில் அந்த ஒரு வரிக் காரணத்துக்கு வருவோம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலு மணித்தியாலம். சிறு துளைகள் போட்டுக் கமரா வழியாகப் பித்தப்பையை எடுக்க, சிக்கல் இல்லாவிட்டால், ஒரு மணித்தியாலம் முதல் ஒன்றரை வரை பிடிக்கும். ஒரு முறைக்குள் இரண்டு அல்லது மூன்று பேருக்குச் செய்யலாம். அந்த வாரத்தில் குடல் புற்றுநோயாளி ஒருவர் பட்டியலுக்கு வந்தால் அவருக்கே அந்த நாலு மணித்தியாலமும் வேண்டும். மூன்று வீடுகளுக்குக் கடிதம் போகும்.

கூடம் காலியாக இருந்தாலும் போதாது. மயக்க மருந்து நிபுணர் வேண்டும், கூடத் தாதிகள் வேண்டும், கண்விழிக்கும்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சிலருக்கு இரவு தங்கக் கட்டில் வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் மற்றதெல்லாம் சும்மா நிற்கும். மாரிகாலத்தில் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் கட்டில்களை நிரப்பிவிட்டால், சத்திரசிகிச்சை நிபுணர் கையுறையோடு நின்றாலும் வேலை நடக்காது. 2023இலும் 2024இலும் இளநிலை வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் ஆயிரக்கணக்கான திகதிகள் இப்படித்தான் தள்ளிப்போயின. இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டெம்பரில் எழுபத்தேழு இலட்சத்தைத் தாண்டியது. அது ஆட்களின் கணக்கு அல்ல, சிகிச்சைகளின் கணக்கு. முழங்காலுக்கும் கண்ணுக்கும் காத்திருக்கும் ஒருவர் அதில் இரண்டு தடவை வருவார்.

அப்படியானால் மூன்று பேரில் யாரைத் தள்ளுவது? கடிதத்தில் எழுதாத இடம் இதுதான். 2020இல், கோவிட் தொற்று கூடங்களை மூடிய நேரத்தில், சத்திரசிகிச்சைத் துறைச் சங்கங்கள் கூடி ஒரு வரிசையை வகுத்தன. பி1 என்றால் மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டியவை. பி2 நாலு கிழமைக்குள். பி3 மூன்று மாதத்துக்குள். பி4 அதற்கும் மேல் பொறுக்கக்கூடியவை. கடிதத்தில் இந்தக் குறி பெரும்பாலும் இருக்காது. "என்னுடைய முன்னுரிமைக் குறி என்ன?" என்று போனில் கேட்டால் சொல்வார்கள். அன்ரியின் மகள் கேட்டாள். பி4 என்றார்கள்.

நோயின் பெயரை மட்டும் பார்த்து இந்தக் குறியைப் போடுவதில்லை. அதே பித்தப்பைக் கல் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலித்துவிட்டு அடங்கும். இன்னொருவருக்குக் கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்து மஞ்சள் காமாலை வரும், அல்லது கணையம் அழன்று உயிருக்கே ஆபத்தாகும். பித்தப்பை அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு ஒரு கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே இங்குள்ள மருத்துவ வழிகாட்டல். ஆக, குறி நிலையானது அல்ல. காத்திருப்போரிடம் இடையிடையே விசாரித்து அதை மறுபடி பார்க்கிறார்கள். சிலருக்குக் குறுஞ்செய்தியோ படிவமோ வரும். சிலரைத் தாதி போனில் அழைப்பார். தேவையென்றால் சத்திரசிகிச்சை நிபுணர் பழைய ஸ்கானையும் இரத்தப் பரிசோதனையையும் எடுத்துப் பார்ப்பார்.

அன்ரிக்கும் ஏப்ரலில் அப்படி ஒரு அழைப்பு வந்திருக்கிறது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல? எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேட்டா. பரவாயில்லை எண்டன்."

நம் ஆட்களுக்கு இது பழக்கதோஷம். யார் சுகம் கேட்டாலும் பரவாயில்லை என்போம். மரியாதைக்குச் சொல்வது அது. தாதியின் கணினியில் அது மரியாதையாகப் பதிவதில்லை, "மாற்றமில்லை" என்று பதிகிறது. பி4 பி4ஆகவே நிற்கும்.

உண்மையில் என்ன நடந்தது என்று அன்று மேசையில் உட்கார்ந்து கலண்டரைப் புரட்டிப் பார்த்தோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஐந்து தடவை வலி. மூன்று தடவை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தடவை கலியாண வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்ட பின். வலது விலாவுக்குக் கீழே பிடித்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறும். மே கடைசியில் வந்தது ஆறு மணித்தியாலம் விடவில்லை. இரண்டு தடவை சத்தி எடுத்துவிட்டுக் குளியலறைத் தரையிலேயே படுத்திருக்கிறார். பயத்தில் கஞ்சியும் அவித்த காய்கறியுமாகச் சாப்பிட்டு நாலு கிலோ குறைந்திருந்தார். இதில் ஒரு சொல்லும் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஜீ.பி.யிடம் போயிருந்தால் குறிப்பிலாவது இருந்திருக்கும். அங்கும் போகவில்லை.

கடிதத்திலிருந்த இலக்கத்துக்கு மகள் அழைத்தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டாள். இது இலவசம், பேரப்பிள்ளையைப் பிடித்து மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "வயிற்று வலி" என்ற ஒரு சொல்லில் நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை எல்லாவற்றையும் அடக்கிவிடும் நமக்கு, எங்கே, எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்று கேட்டு வாங்க ஒருவர் நடுவில் இருப்பது நல்லது. தாதி அதையேதான் கேட்டார். காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சளிப்பு, சலம் கறுத்துப் போதல் ஏதும் இருந்ததா என்றும் விசாரித்தார். இல்லை. ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்தார்கள். பெரிய குறை இல்லை. ஆனாலும் வலியின் தொகையும் எடைக் குறைவும் போதுமானதாக இருந்தன. ஐந்து நாளில் குறி பி3 ஆனது. புதிய திகதி ஜூலை 16.

எல்லோருக்கும் இப்படி முன்னுக்கு வரும் என்று சொல்லமாட்டேன். பி3க்கு மாற்றியும் இடமில்லாமல் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆகவே சட்டம் என்ன தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜீ.பி.யின் பரிந்துரை வந்த நாளிலிருந்து 18 கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும் என்ற இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவில்லை. அன்ரியின் பரிந்துரை ஜனவரி 15. பதினெட்டாவது கிழமை மே 21இலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 27 என்றால் சரியாக 32 கிழமை. ஆஸ்பத்திரி திகதியை மாற்றினால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. பழைய கணக்கே ஓடும். 18 கிழமையைத் தாண்டியவர், வேறு ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமா என்று கேட்கலாம். அது என்.எச்.எஸ். ஒப்பந்தமுள்ள தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் காசு கட்ட வேண்டியதில்லை. ஒரு கட்டுப்பாடு உண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத சிறிய இடங்கள் இதய நோயும் கட்டுக்கடங்காத நீரிழிவும் உள்ளவர்களை ஏற்காமல் விடலாம்.

28 நாள் விதி என்று ஒன்றும் உண்டு. பலர் அதைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சத்திரசிகிச்சை நாளன்றே, அல்லது கட்டிலில் சேர்த்த பிறகு, மருத்துவம் சாராத காரணத்துக்காக நிறுத்தினால்தான் 28 நாளுக்குள் வேறு திகதி தர வேண்டும். ஒன்பது நாள் முன்பே கடிதம் வந்த அன்ரிக்கு அது பொருந்தாது.

இன்னும் ஒன்று. பழைய திகதியை நம்பி இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கோ ஜீ.பி.க்கோ அழைத்து, மறுபடி தொடங்குவதா என்று கேளுங்கள். திகதி போனதைச் சொன்ன கடிதம் மாத்திரையைப் பற்றிப் பெரும்பாலும் பேசாது. நீரிழிவுக்காரர் சர்க்கரையைக் கவனியுங்கள்: மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 69க்கு, பழைய கணக்கில் எட்டரை வீதத்துக்கு, மேலே போனால் புதிய திகதியும் அதனாலேயே தள்ளிப்போகலாம்.

பித்தப்பைக் கல்லோடு காத்திருப்பவருக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ கடிதமும் வேண்டாம், குறியும் வேண்டாம். அன்றே 111க்கு அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜூலை 16 காலை அன்ரி போய் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. பிப்ரவரியிலும் ஒருமுறை அவரை அழைத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி அழைப்புகள் பல நேரம் இலக்கத்தைக் காட்டாது. திரையில் No Caller ID என்று மட்டும் வரும். ஏமாற்றுக்காரர் என்று நினைத்து வெட்டியிருக்கிறார். விசாரிக்கும் அழைப்புக்கும் கடிதத்துக்கும் தொடர்ந்து பதில் வராவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து ஜீ.பி.யிடம் திருப்பி அனுப்பவும் கூடும். உங்கள் வீட்டில் யாராவது காத்திருந்தால் ஆஸ்பத்திரியில் பதிந்திருப்பது இப்போதைய இலக்கம்தானா என்று இன்றே கேட்டுச் சரிபாருங்கள். இலக்கமில்லாத அழைப்பு வந்தால் எடுங்கள். வங்கி விபரம் கேட்டால் வெட்டுங்கள். வலியைப் பற்றிக் கேட்டால் கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.