எத்தனை கோர் என்பது மூன்றாவது கேள்வி

கிள்ளானில் ஒரு திருமணம். மண்டபத்தில் மூன்று கேமராக்கள்: ஒன்று மணமேடைக்கு நேராக, ஒன்று பக்கவாட்டில், மற்றொன்று கையில் பிடித்தபடி. மூன்றும் 4கே தரத்தில், விநாடிக்கு 25 படங்கள் வீதம் பதிவு செய்கின்றன. அன்றிரவே அவற்றின் கார்டுகள் வீட்டு அறையில் இருக்கும் கணினிக்கு வந்துவிடும். தாலி கட்டும் காட்சியில் மூன்று கோணங்களையும் ஒருசேர ஓடவிட்டு வெட்டப் பார்த்தால், படம் திக்கித் திக்கி நகரும்.

இந்த நிலையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் போகும் இடம் புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசா. அங்கே முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கோர்?" என்பது. உண்மையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்பது முதல் கேள்வி. நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பது இரண்டாவது.

கேமரா பொதுவாக ஒவ்வொரு படத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. எச்.264, எச்.265 ஆகிய சுருக்க முறைகளில் இடையிடையே ஒரு படம் மட்டும் முழுதாக இருக்கும். அதைத் தொடரும் படங்களில், முந்தையதிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே பதிவாகும். தாலி முடிச்சு விழும் அந்த ஒரு படத்துக்கு நீங்கள் தாவினால், கணினி அதற்கு முன்னுள்ள முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வர வேண்டும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்பதால், கோர்களைக் கூட்டுவது இங்கே ஓரளவுதான் உதவும்.

இந்த வேலைக்கென்றே தனிச்சுற்று ஒன்று உண்டு. இன்டெல் செயலிகளின் உள் வரைகலைப் பகுதியில் இருக்கும் அதன் பெயர் குவிக் சிங்க். இன்றைய கேமராக்கள் பல, நிறத்திருத்தத்துக்கு இடம் தரும் 10 பிட் 4:2:2 வகையில் பதிவு செய்கின்றன. எச்.265-இல் உள்ள அந்த வகையை இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து குவிக் சிங்க் பிரித்துத் தருகிறது. என்விடியா அட்டைகளில் இந்தத் திறன் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதனால்தான் விலையுயர்ந்த பழைய அட்டை பூட்டிய கணினி திணறும்போது, அட்டையே இல்லாத சாதாரண இன்டெல் கணினி அதே காட்சியைத் தடையின்றி ஓட்டுகிறது. ஆனால் கேமரா அதே 4:2:2 வகையை எச்.264-இல் பதிவு செய்தால் பெரும்பாலான இன்டெல் செயலிகளில் குவிக் சிங்க் கைகொடுக்காது. கேமராவின் மெனுவில் எச்.265-ஐத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடியும் இன்டெல் செயலியில் உள் வரைகலைப் பகுதியே இயங்காது. குவிக் சிங்கும் இருக்காது. அடுத்து, கோர் ஐ5-14400-இல் காணொளிச் சுற்று ஒன்றுதான்; ஐ5-14500-இலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் இரண்டு. மூன்று கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு, கூடுதல் நான்கு கோர்களைவிட முக்கியம். சுற்று வேலை செய்கிறதா என்று பார்க்க, காட்சி ஓடும்போது விண்டோஸின் Task Manager-இல் Performance பக்கத்தில் GPU-வைத் திறந்து Video Decode வரைபடத்தைப் பாருங்கள். அது தரையிலேயே கிடந்து, செயலி மட்டும் உச்சத்தில் நின்றால் சுற்று உறங்குகிறது. எடிட்டிங் மென்பொருளின் அமைப்பிலோ பயாஸிலோ அது அணைக்கப்பட்டிருக்கலாம்.

இனி நினைவகம். விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான காட்சி, வட்டில் விநாடிக்கு 12.5 எம்பி இடம்தான் பிடிக்கிறது. விரித்துப் பார்த்தால் கதை வேறு. ஒரு 4கே படத்தில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். மூன்று நிறங்கள், ஒளிபுகு தன்மை என நான்கு மதிப்புகளை 16 பிட் அளவில் வைத்தால், ஒரு படத்துக்கு 66 எம்பி. விநாடிக்கு 25 படங்கள் என்றால் 1.66 ஜிபி.

மணமக்களின் பெயர் மின்னி வரும் 15 விநாடி முகப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை முழுத் தரத்தில் நினைவகத்திலேயே வைத்து ஓட்டிப் பார்க்க 25 ஜிபி வேண்டும். 32 ஜிபி கணினியில் விண்டோஸ், பிரீமியர், உலாவி எல்லாம் போக 20 ஜிபி மிஞ்சினால், 12-ஆவது விநாடியில் இடம் தீர்ந்துவிடும். 64 ஜிபியில் தாராளமாக அடங்கும். 32 ஜிபியோடு சமாளிக்க நினைப்பவர் முன்னோட்டத்தை அரைத் தரத்துக்குக் குறைத்தால் போதும்; நீளமும் அகலமும் பாதியாவதால் தேவை நான்கில் ஒன்றாகி, சுமார் 6 ஜிபியில் முடிந்துவிடும். நினைவகம் போதாவிட்டால் வேகம் விழும். போதுமான அளவைத் தாண்டிக் கூட்டினால் வேகம் ஏறாது. வெட்டி ஒட்டுவது மட்டும் உங்கள் வேலை என்றால் 4கே-க்கு 32 ஜிபி போதும்.

64 ஜிபி தேவை என்று முடிவானால் இரண்டு 32 ஜிபி பலகைகளாக வாங்குங்கள், நான்கு 16 ஜிபி வேண்டாம். ரைசன் 9000 வரிசையில் இரண்டு பலகைகளுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் டிடிஆர்5-5600. நான்கு பூட்டினால் அது 3600 ஆகிவிடும்.

இப்போது கோருக்கு வருவோம். 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இன்றும் பொருந்துகிறது. ஒரே கோரில் 40 நிமிடம் எடுக்கும் வேலையில் 30 நிமிடத்தைப் பங்கிடலாம், 10 நிமிடத்தைப் பங்கிட முடியாது என்று கொள்வோம். நான்கு கோரில் அது 17.5 நிமிடமாகும், எட்டில் 13.75, பதினாறில் சுமார் 12. நான்கிலிருந்து எட்டுக்குப் போனால் நாலு நிமிடம் மிச்சம். எட்டிலிருந்து பதினாறுக்குப் போனால் இரண்டே நிமிடம்தான். எத்தனை கோர் போட்டாலும் அந்தப் பத்து நிமிடம் குறையாது. அதைக் குறைப்பது ஒவ்வொரு கோரின் வேகம்.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட வேகம் ஓரிரு கோர்கள் சற்று நேரம் எட்டும் உச்சம்தான். கோர் ஐ7-14700-க்கு 5.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அதன் அடிப்படை மின்சக்தி 65 வாட். முழுமூச்சில் ஓடும்போது 219 வாட் வரை இழுக்கும். பகல் வெயில் 32, 33 டிகிரியைத் தொடும் நம் ஊரில், ஏர்கான் இல்லாத அறையில் சிறிய விசிறியால் அந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாது. செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீண்ட ஏற்றுமதியின் முதல் நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் Task Manager காட்டும் Speed எண்ணை ஒப்பிடுங்கள். எண் நன்றாக இறங்கியிருந்தால் உங்களுக்குத் தேவை புதிய செயலி அல்ல, நல்ல குளிர்விப்பான்.

ஆக, ஒரு கேமரா, எளிய வெட்டு என்றால் ஐ5-14500 வகைச் செயலியும் 32 ஜிபியும் போதும். மூன்று கேமரா, நிறத்திருத்தம், அசையும் எழுத்து எல்லாம் உண்டென்றால் ஐ7-14700 வகையும் 64 ஜிபியும் சரி. ரைசனில் குவிக் சிங்க் கிடையாது என்பதால், அதுதான் வேண்டும் என்பவர் அதனுடன் ஆர்டிஎக்ஸ் 50 அட்டைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். எதை வாங்குவதானாலும் உங்கள் கேமராவில் எடுத்த காட்சிகளை ஒரு டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள கணினியில் அவற்றை ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.